"ஷார்ட்டேஜ்னு கூப்பிடாதீங்கணா": பட்டப் பேரை நிறுத்தச் சொல்றது எப்படி?

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடு ரொம்ப நாளா இன்பாக்ஸ்ல வந்துட்டிருந்த ஒரு கேள்வி பத்தி. "ப்ரோ, டீம்ல ஒருத்தர் எனக்கு ஒரு பேரு வச்சுட்டார். எனக்குச் சுத்தமா பிடிக்கல. சொன்னா சீன் போடறான்னு நினைப்பாங்க. சொல்லாம இருக்கவும் முடியல. என்ன பண்றது?" கிட்டத்தட்ட இதே கேள்வியைப் பல பேர் பல மாதிரி கேட்டிருக்கீங்க.

இதுக்கு நான் பதில் சொல்லலாம்னு நினைக்கறதுக்கு ஒரே காரணம்தான். ஒரு வருஷத்துக்கும் மேல என் பேரு "ஷார்ட்டேஜ்".

எப்படி வந்துச்சுனு சொல்றேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனி, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்கற ஒரு சின்ன டீம். கட்டிங்ல எத்தனை பீஸ் வெட்டினாங்க, பவர் டேபிள்ல எத்தனை தைச்சாங்க, செக்கிங்ல எத்தனை பாஸாச்சு, பேக்கிங்குக்கு எத்தனை போச்சுனு கணக்கு காட்டற ரிப்போர்ட் ஒண்ணு. அதுதான் நான் எழுதின முதல் ரிப்போர்ட். ஒரு கஸ்டமர்கிட்ட அது லைவ் போன முதல் வாரம். ஆறாயிரம் பீஸ் ஆர்டர். என் ரிப்போர்ட் 312 பீஸ் ஷார்ட்டேஜ்னு காட்டுது.

ஷிப்மென்ட்டுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. ஃப்ளோர்ல எல்லாரும் வேலையை நிறுத்திட்டு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தர் செக்கிங் டேபிளுக்குக் கீழ இருந்து ரெண்டு பெட்டியை இழுத்தார். உள்ள 312 பீஸ். எல்லாம் ஆல்டர். அதாவது தையல் விட்டுப் போனது, நூல் பிரிஞ்சது, சரி பண்ணி வரணும்னு செக்கிங்ல ஒதுக்கி வச்ச பீஸு. ஆல்டருக்குப் போன பீஸை நான் காணாமப் போன பீஸா கணக்குப் போட்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுதுதான்.

மறுநாள் ஆபீஸ்க்குள்ள நுழையறப்ப என் சீனியர், நான் "ணா"னு கூப்பிடற மனுஷன், எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவரே அவர்தான், "வாடா ஷார்ட்டேஜ்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இன்னொரு விஷயம், நான் உயரமும் கொஞ்சம் கம்மி. அதனால பேரு ரெண்டு பக்கமும் பொருந்திடுச்சு. ஒட்டிக்கிச்சு.

இங்க ஒரு நிமிஷம் நிக்கலாம். நான் சிரிச்சேன்ல, அதுதான் இந்த எபிசோடோட மையம். பேரு வச்சவருக்கு நம்ம மனசுக்குள்ள என்ன ஓடுதுனு தெரியாது. நம்ம முகம் மட்டும்தான் தெரியும். முகம் சிரிச்சுது. "சரி, தம்பிக்கு ஓகே"னு அவர் எடுத்துக்கிட்டார். அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துப்பேன்.

சரி, பிடிக்கலைனா ஏன் ஒரு வருஷம் விட்டேன்? ஆபீஸ்க்குள்ள இருந்தவரைக்கும் தாங்கிக்கிட்டேன். பிரச்சினை வெளிய போனப்பதான் உறைச்சுது. அதே மாதிரி இன்னொரு கஸ்டமர். கணக்கு டேலி ஆகுதுங்கனு புரொடக்ஷன் மேனேஜருக்கு போன்ல சொல்றேன். அந்தப் பக்கம் அவர் சிரிச்சுட்டு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட, "ஷார்ட்டேஜ் தம்பி சொல்ற கணக்கு. எதுக்கும் ஒருக்கா கையில எண்ணிப் பாத்துருங்க"ங்கறார். ரெண்டு மணி நேரம் எண்ணினாங்க. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது. நான் கணக்கு சொல்லிப் பொழைக்கறவன். என் பேரே கணக்கு தப்புனு சொல்லுது. ஒரு வருஷம் முன்னாடி சரி பண்ணின பக்கை இந்தப் பேரு தினமும் திரும்பத் திறந்துட்டிருக்கு.

நிறுத்தணும்னு முடிவு பண்ணேன். உடனே நேரா போய்ச் சொல்லிட்டேனா? இல்ல. மூணு தடவை சொதப்பினேன்.

முதல்ல, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். அவரா புரிஞ்சுக்குவார்னு நம்பிக்கை. அவர், "என்னடா ஷார்ட்டேஜ், ரெண்டு நாளா டல்லா இருக்கே, உடம்பு சரியில்லையா?"ங்கறார். மனுஷன் நிஜமாவே அக்கறையாத்தான் கேக்கறார். அந்தப் பேரையே சொல்லி!

ரெண்டாவது, பதிலுக்கு நானும் அவருக்கு ஒரு பேரு வச்சேன். அது இன்னும் மோசம். இப்ப ரெண்டு பேரும் விளையாடறோம்னு ஆகிப் போச்சு. அவருக்கு ஜாலி.

மூணாவது, டீம்ல இன்னொரு ஃப்ரெண்டுகிட்ட, "நீ பக்குவமா சொல்லிருடா"ன்னேன். அவன் சொன்னான். எப்படிச் சொன்னானோ தெரியல. மத்தியானம் சாப்பிடற இடத்துல எல்லார் முன்னாடியும், "தம்பிக்கு கோவமாமே?"னு வந்து நிக்குது. எதைப் பெருசாக்கக் கூடாதுனு நினைச்சேனோ அது பெருசாயிடுச்சு. "அய்யோ அதெல்லாம் இல்லங்ணா"னு நானே மூடி மறைச்சேன்.

இந்த மூணாவது சொதப்பலை ஒரு பெரிய ஆளுகிட்டயும் பாக்கலாம். சேதேஷ்வர் புஜாரா. இங்கிலாந்துல யார்க்ஷயர் கவுண்டி டீமுக்கு ஆடினார்ல, அங்க அவரை "ஸ்டீவ்"னு கூப்பிட்டாங்க. டீம் மேட் ஜாக் புரூக்ஸ் ஆரம்பிச்சு வச்சது. காரணம், சேதேஷ்வர்ங்கற பேரு அவங்க வாயில நுழையல. 2018-ல ஒரு பேட்டியில புஜாராவே இதைப் பத்திப் பேசியிருக்கார். கோவமே இல்லாம, அந்தப் பேரு நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு சேதேஷ்வர்னு கூப்பிட்டாதான் பிடிக்கும்ங்கற மாதிரி சொன்னார்.

கவனிச்சீங்களா? அவர் சொல்லிட்டார். மரியாதையா, தெளிவா, அவரோட பேரையும் சேர்த்தே சொல்லிட்டார். ஆனா அது ஒரு பேட்டியில இருக்கு. 2021 நவம்பர்ல, அஸீம் ரஃபீக்ங்கற முன்னாள் யார்க்ஷயர் வீரர் பிரிட்டிஷ் பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி இனவெறி பத்தி சாட்சி சொன்னப்ப இந்த "ஸ்டீவ்" கதையும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் புரூக்ஸ் புஜாராவைத் தொடர்பு கொண்டு மன்னிப்புக் கேட்டதா அறிக்கை விட்டார். அன்னைக்கு அது தப்புனு எனக்குத் தோணல, இப்பப் புரியுதுங்கற அர்த்தத்துல சொன்னார். ஒரு பேட்டியில மெதுவா சொன்ன வரி, கடைசில ஒரு பெரிய விசாரணைக்கு நடுவுல வந்து நின்னுச்சு.

புஜாராவை நான் குறை சொல்லல. வெளிநாட்டு டீம், கொஞ்ச மாசம் ஆடறவர், அவரால என்ன முடியும்னு யோசிக்கணும். நான் எடுத்துக்கறது இவ்வளவுதான். பிடிக்கலைங்கற சேதி, கூப்பிடறவர் காதுக்கு நேரா போகணும். பேட்டி வழியாவோ ஃப்ரெண்டு வழியாவோ ஸ்டேட்டஸ் வழியாவோ போனா, ஒண்ணு போய்ச் சேராது, இல்லனா வேற உருவத்துல போய்ச் சேரும்.

சரி, நாலாவது தடவை என்ன பண்ணேன்? அதைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா அது வேலை செஞ்சுது.

முதல்ல நேரம். அவர் அந்தப் பேரைச் சொன்ன நொடியில சொல்லல. அப்ப நாலு பேர் இருப்பாங்க, அவருக்கும் முகம் போயிடும். முகம் போன ஆளு தன்னைக் காப்பாத்திக்கத்தான் பாப்பார், நாம சொல்றதைக் கேக்க மாட்டார். சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் எப்பவும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போவோம். "ணா, கொஞ்சம் பேசணும், தனியா வாங்க"னு கூப்பிடல. அப்படிக் கூப்பிட்டாலே அது பெரிய விஷயம் ஆயிடும். எப்பவும் போற டீக்கே போனோம். அவர் கையில டீ, என் கையில தேங்காய் பன். அப்ப சொன்னேன்:

"ணா, ஒரு சின்ன விஷயம். அந்த ஷார்ட்டேஜ்னு கூப்பிடறதை விட்டுறலாங்களா? நீங்க விளையாட்டுக்குத்தான் சொல்றீங்கனு தெரியும். ஆனா கஸ்டமர் வரைக்கும் போயிருச்சு, என் கணக்கை நம்ப மாட்டேங்கறாங்க. எனக்கும் பிடிக்கலைங்ணா. பேரைச் சொல்லியே கூப்பிடுங்க."

அவ்வளவுதான். வாட்ச் பாத்தா இருபது செகண்ட் கூட இருக்காது.

இதுல "எனக்கும் பிடிக்கலைங்ணா"ங்கற வரி முதல்ல இல்ல. வீட்டுல ஒத்திகை பாத்தப்ப கஸ்டமர் காரணத்தை மட்டும்தான் வச்சிருந்தேன். அது பாதுகாப்பான காரணம்ல? என் மனசை வெளிய காட்ட வேண்டியதில்ல. அப்புறம் யோசிச்சேன். அதை மட்டும் சொன்னா அவர் என்ன சொல்வார்? "சரிடா, கஸ்டமர் முன்னாடி சொல்லல, நமக்குள்ள வச்சுக்கலாம்"பார். நியாயமாவும் இருக்கும். நான் மறுபடி மாட்டிக்குவேன். அதனால உண்மையான காரணத்தையும் சொல்லித்தான் ஆகணும். ஒரே ஒரு வரிதான். "ஒரு வருஷமா எவ்வளவு வேதனைப்பட்டேன் தெரியுமா"னு கணக்குப் புத்தகத்தைத் திறக்கல. திறந்திருந்தா அவர் பதிலுக்கு அவர் பக்கத்துக் கணக்கை எடுப்பார்.

அப்புறம், பதிலுக்கு என்ன கூப்பிடணும்னும் சொல்லிட்டேன். இது சின்ன விஷயமாத் தெரியும். ஆனா வாய் பழக்கத்துல ஓடற ஆளுக்கு "இதைச் சொல்லாத"னு மட்டும் சொன்னா அந்த இடம் காலியா நிக்கும். அடுத்த தடவை கூப்பிட வாயைத் திறந்தா பழைய பேருதான் வரும். மாத்தா ஒரு பேரு குடுத்துட்டா அதைப் பிடிச்சுக்குவாங்க.

சொல்லி முடிச்சதும் அவர் ஒரு அஞ்சு செகண்ட் ஒண்ணும் பேசல. டீயைப் பாத்துட்டிருந்தார். மக்களே, இந்த அஞ்சு செகண்டுதான் மொத்த விஷயத்துலயும் கஷ்டமான இடம். என் வாய்ல "பரவால்லங்ணா, சும்மா சொன்னேன்"னு வந்துடுச்சு. நாக்கு நுனி வரைக்கும். நம்ம ஊர்ப் பக்கம் மரியாதைங்கற பேர்ல நாம அடிக்கடி பண்ற தப்பு அது. கேட்டதை நாமளே வாபஸ் வாங்கிக்கறது. அந்த ஒரு வரி சொல்லிட்டா முன்னாடி சொன்ன நாலு வரியும் அழிஞ்சுடும். அவர் ஞாபகத்துல நிக்கப் போறது கடைசி வரிதான். பன்னைக் கடிச்சுட்டு அமைதியா இருந்தேன்.

அப்புறம் அவர் சொன்னார்: "அட, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நீயும் சிரிச்சுட்டுத்தானடா இருந்தே?"

கொஞ்சம் சுருக்குனுதான் இருந்துச்சு. ஆனா உண்மைதானே. "ஆமாங்ணா, சிரிச்சேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்"னேன். அதோட நிறுத்திட்டு, "நாளைக்கு டெமோவுக்கு எத்தனை மணிக்குப் போலாங்ணா?"னு பேச்சை மாத்தினேன். மன்னிப்பு எதிர்பாக்கல. நான் கேட்டது பேரை மாத்தச் சொல்லி. அது மட்டும் நடந்தா போதும். பேச்சை நானே மாத்தினது அவருக்கும் ஒரு வசதி. சங்கடமா உக்காந்திருக்க வேண்டியதில்ல. டெமோ பத்திப் பேசிட்டே ஆபீஸ் வந்துட்டோம்.

அடுத்த நாள்ல இருந்து மாறிடுச்சானு கேட்டா, இல்ல. காலைல, "டேய் ஷார்ட்... ச்சே"னு நாக்கைக் கடிச்சுட்டு பேரைச் சொன்னார். ஒரு வருஷப் பழக்கம், ஒரு டீயில போகாது. அப்பப்ப தவறும். இங்க நாம எதைக் கவனிக்கணும்னா, அது தவறலா வேணும்னேவானு. வித்தியாசம் தெரியும். தவறுறவங்க சொன்ன உடனே தங்களைத் திருத்திக்குவாங்க, இல்லனா ஒரு மாதிரி முழிப்பாங்க. வேணும்னே சொல்றவங்க, சொல்லிட்டு சுத்தி இருக்கறவங்க முகத்தைப் பாப்பாங்க, யார் சிரிக்கறானு.

தவறலா இருந்தா நான் எதுவும் சொல்லல. ஒரே ஒரு வேலைதான் பண்ணேன். சிரிக்கல. கேட்ட வேலைக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். பட்டப் பேரு சிரிப்பைத் தின்னு வளருது. அதுவும் பேருக்கு உரியவனோட சிரிப்பு நின்னா மத்தவங்களுக்கும் சப்புனு ஆயிடும். மத்தவங்ககிட்ட நான் தனித்தனியா போய்ச் சொல்லவே இல்ல. ஆரம்பிச்சு வச்சவர் நிறுத்தினதும் பாதிப் பேர் தானா நிறுத்திட்டாங்க. ஒரு ஜூனியர் மட்டும் சொன்னப்ப, சீனியரே, "பேரைச் சொல்லுடா"ன்னார். அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்துச்சு.

இன்னொரு இடம் இருக்கு, அதை நிறைய பேர் மறந்துடுவீங்க. ஸ்கிரீன். வாய்ல நின்னாலும் பேரு ஸ்கிரீன்ல உக்காந்திருக்கும். அவர் போன்ல என் நம்பர் "ஷார்ட்டேஜ்"னுதான் சேவ் ஆகியிருந்துச்சு. நான் போன் பண்றப்பல்லாம் அவர் கண்ணு முன்னாடி அதேதான் மினுக்கும், வாயும் அதையேதான் சொல்லும். "ணா, காண்டாக்ட்லயும் மாத்திருங்க"னேன். எங்க டெமோ டேட்டாபேஸ்ல ஒரு டெஸ்ட் யூசர் `shortage01`னு இருந்துச்சு. யாரோ ஜாலிக்குப் போட்டது. கஸ்டமர் முன்னாடி லாகின் பண்றப்ப அது பெருசா தெரியும். அதை நானே ஒரு மத்தியானம் மாத்திட்டேன். வாட்ஸ்ஆப் குரூப், டாஸ்க் போர்டு, டெஸ்ட் டேட்டா, ஒருக்கா தேடிப் பாத்துருங்க.

சரி, கேட்டும் நிறுத்தலைனா? ரெண்டாவது தடவையும் தனியாத்தான் கேக்கணும். ஆனா இந்தத் தடவை "சின்ன விஷயம்"னு ஆரம்பிக்காதீங்க, சிரிக்கவும் வேண்டாம். "ணா, போன மாசம் கேட்டேன்ல, இன்னும் சொல்றீங்க. நிறுத்திருங்க." அதுக்கும் கேக்கலைனா அது பழக்கம் இல்ல, முடிவு. அப்ப டீம் லீடுகிட்ட போறது பெருசாக்கறது ஆகாது. பெருசாக்கினது அவர்.

ஆனா எல்லாப் பேருக்கும் இந்த டீக்கடை வழி பொருந்தாது. டேரன் சமி தெரியும்ல, வெஸ்ட் இண்டீஸ் முன்னாள் கேப்டன். ஐ.பி.எல்.ல சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடறப்ப அவரை "காலு"னு கூப்பிட்டிருக்காங்க. வலிமையான ஆளுங்கற அர்த்தம்னு நினைச்சுட்டு அவரும் சந்தோஷமா ஏத்துக்கிட்டார். 2020 ஜூன்லதான், அந்த இந்தி வார்த்தை தோல் நிறத்தைச் சொல்றதுனு அவருக்குத் தெரிய வந்துச்சு. கோவப்பட்டு ஒரு வீடியோ போட்டார், கூப்பிட்டவங்க என்கிட்ட பேசணும்னார். அப்புறம் அதுல ஒருத்தரோட பேசினதாவும், அவர் அன்பாத்தான் கூப்பிட்டார்னு தனக்கு நம்பிக்கை வந்துட்டதாவும் ட்விட்டர்ல எழுதினார். ஊருக்கே தெரிஞ்ச விஷயம் கடைசில ரெண்டு பேர் பேசினப்பதான் அடங்குச்சு. ஆனா அவர் பொதுவுல கோவப்பட்டதும் தப்பில்ல. நிறத்தை வச்சுக் கூப்பிடறது அவரோட மட்டும் முடியற விஷயம் இல்லையே.

அதே மாதிரிதான் சாதியை வச்சு வர்ற பேரு, ஒரு பொண்ணுகிட்ட ஆபாச அர்த்தம் வச்சுச் சொல்ற பேரு. இதையெல்லாம் பன்னு சாப்பிட்டுட்டு நயமா கேக்கணும்னு யாருக்கும் கடமை இல்ல. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல, பெண்களோட பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகப் புகார் குழு இருக்கணும்னு 2013 சட்டம் சொல்லுது. பட்டியல் சாதி, பழங்குடியினரை நாலு பேர் பாக்கற இடத்துல சாதிப் பேரைச் சொல்லித் திட்டறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குற்றம். அப்படிப்பட்ட பேரு வந்தா, யார் எப்பச் சொன்னாங்கனு அன்னைக்கே எழுதி வச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். என் பேரு திரும்ப வந்த கொஞ்ச நாள்ல, அந்த 312 பீஸ் கம்பெனிக்கே ஒரு வேலையாப் போனேன். கட்டிங்ல ஒரு பையன், எனக்கு எப்பவும் ஓடி வந்து பண்டல் கணக்கு எடுத்துக் குடுப்பான். "பீகாரி, அந்த பண்டல் எத்தனைப்பா?"னு கேட்டேன். அங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, நானும் ரெண்டு வருஷமா அப்படித்தான். அவன் சிரிச்சுட்டே எண்ணிக்கையைச் சொன்னான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கண்ணாடியில பாத்த சிரிப்பு.

பேரு என்னனு கேட்டேன். சொன்னான். ஒரு தடவையில என் வாய்ல சரியா வரல, ரெண்டாவது தடவை அவனே திருத்தினான். ஊரு எதுன்னேன். ஒடிசாவாம். பீகாரே இல்ல.

அடுத்த எபிசோடுல பாக்கலாம் மக்களே.